மைட்டர்டு ஸ்கொயர் போர்வை: கணக்கு இடிக்குதா, மூலையில ஓட்டையா, கோணலா? எங்கேருந்து பார்க்கணும்

மைட்டர்டு ஸ்கொயர் போர்வையில கட்டங்களைத் தைச்சுச் சேர்க்கறதில்லை, முடிச்ச கட்டத்தோட ஓரத்துலேருந்து ஸ்டிட்ச் எடுத்துத்தான் அடுத்த கட்டத்தைப் பின்றோம். அதனால கண்ணுக்குத் தெரியற தப்பு ஒரு கட்டத்துல இருக்கும், அதுக்குக் காரணம் பெரும்பாலும் அதுக்கு முன்னாடி பின்னின கட்டத்தோட ஓரத்துல இருக்கும். இதைத்தான் வேலூர், காட்பாடி பக்கம் பின்னிட்டு வந்து காட்டறவங்க எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்லிட்டிருக்கேன். புதுக் கட்டத்தை நாலு தடவை பிரிச்சுப் பின்னியும் சரியா வரலைன்னா அந்தக் கட்டத்தை விட்டுட்டு பக்கத்து ஓரத்தைப் பாருங்க.

எல்லாரும் ஒரே கணக்குல பேசறதுக்காக நான் 31 ஸ்டிட்ச் கட்டத்தையே எடுத்துக்கறேன். 8 நம்பர் ஊசி, அதாவது 4 மிமீ, லாங் பஜார் பக்கம் ஃபேன்ஸி கடையில கிடைக்கிற சாதாரண அக்ரிலிக் உல்லன். ஒரு கட்டம் சுமார் 3 அங்குலம் வரும். 15 ஒரு பக்கம், நடுவுல 1, இன்னொரு பக்கம் 15. பின்பக்க வரிசையில நடு ஸ்டிட்ச் மட்டும் பர்ல், மத்ததெல்லாம் நிட். முன்பக்க வரிசையில நடு மூணை ஒண்ணாக்கறோம், அதனால ரெண்டு வரிசைக்கு ரெண்டு ஸ்டிட்ச் குறையும், குறையற இடம் கட்டத்துல மூலைக்கு மூலை குறுக்குக் கோடா தெரியும். ஒவ்வொரு வரிசையிலயும் முதல் ஸ்டிட்சை பின்னக்கூடாது, நூலை முன்னாடி வெச்சுக்கிட்டு பர்ல் போடற மாதிரி ஊசியை விட்டு அப்படியே மாத்திட்டு, நூலை ரெண்டு ஊசிக்கும் நடுவால பின்னாடி கொண்டு போய் மிச்சத்தைப் பின்னணும், கடைசி ஸ்டிட்ச் நிட். இப்படிப் பண்ணா ஓரத்துல சங்கிலி மாதிரி வரும், ரெண்டு வரிசைக்கு ஒரு சங்கிலி. கட்டம் முடியும்போது ரெண்டு ஓரத்துலயும் 15, 15 சங்கிலி இருக்கணும், கூடவே கடைசியா நிக்கிற ஒரு லூப். இந்த 15தான் அடுத்த கட்டத்தோட 15.

முடிச்ச கட்டத்தை முன்பக்கம் உங்களைப் பார்க்க, கடைசி லூப் இடது மேல் மூலையில வர்ற மாதிரி வைங்க. இப்போ மேல் ஓரமும் இடது ஓரமும் சங்கிலி, கீழயும் வலதுபக்கமும் காஸ்ட் ஆன். வலதுலேருந்து இடதுக்குத்தான் போறோம், கீழேருந்து மேல வரிசை வரிசையா ஏறறோம். நடுவுல வர்ற எந்தக் கட்டத்துக்கும் எடுக்கற வரிசை ஒண்ணுதான்: வலதுபக்கக் கட்டத்தோட இடது ஓரத்துல மேலேருந்து கீழ 15, மூலையில 1, கீழ் கட்டத்தோட மேல் ஓரத்துல வலதுலேருந்து இடதுக்கு 15. முன்பக்கம் பார்த்துதான் எடுக்கணும். போர்வையோட முதல் கட்டத்துக்கு 31ம் காஸ்ட் ஆன். முதல் வரிசையில மத்த கட்டங்களுக்குக் கீழ எதுவும் இல்லைங்கறதால 15 எடுத்து, மூலை 1 எடுத்து, அப்புறம் 15 புதுசா காஸ்ட் ஆன். மேல் வரிசைகளோட முதல் கட்டத்துக்கு நேர் எதிர், 15 காஸ்ட் ஆன் பண்ணிட்டுத்தான் மூலையும் கீழ் ஓரமும்.

## 31 எடுக்க வேண்டிய இடத்துல 28, 29 வருது

இதுதான் அதிகமா வர்ற கேள்வி.

முதல்ல பார்க்க வேண்டியது: எங்க குறையுது. மொத்தத்தை எண்ணாதீங்க. மூலை ஸ்டிட்ச்ல ஒரு சேஃப்டி பின் மாட்டிட்டு, அதுக்கு வலதுபக்கம் எத்தனை, இடதுபக்கம் எத்தனைன்னு தனித்தனியா எண்ணுங்க. எந்தக் கட்டத்தோட ஓரம் காரணம்னு அப்பவே தெரிஞ்சிரும்.

ஓரத்துல சங்கிலி இருக்கா, முடிச்சு முடிச்சா இருக்கா. முதல் ஸ்டிட்சை மாத்தாம பின்னியிருந்தா ஓரம் முடிச்சு முடிச்சா இருக்கும், எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியாது. அப்போ ஓரத்தைப் பார்க்காம கட்டத்தோட முன்பக்கத்துல மேடா வரிவரியா தெரியுதே, நான் அதை வரப்புன்னு சொல்வேன், அதை எண்ணுங்க. ஒரு வரப்புக்கு ஒரு ஸ்டிட்ச், அவ்வளவுதான். கறுப்பு, நேவி புளூ கலர்ல ராத்திரி டியூப்லைட்ல எண்ணவே முடியாது, பகல்ல மாடிக்கோ திண்ணைக்கோ எடுத்துட்டுப் போங்க.

சங்கிலியே 15 இல்லைன்னா. இதுக்கு ஒரு கேஸ் முழுசா சொல்றேன். காட்பாடியில எங்க தெருவுல ஒரு அக்கா குழந்தைப் போர்வை பின்னிக்கினு இருந்தாங்க, மூணாவது வரிசை ரெண்டாவது கட்டத்துல நின்னுபோச்சு. "இன்னாமா இது, எத்தினி வாட்டி எடுத்தாலும் 29தான் வருது, கட்டம் கோணிக்கினு போவுது"ன்னு கொண்டாந்தாங்க. பின் மாட்டி எண்ணினா வலதுபக்கம் 15 சரியா இருக்கு, இடதுபக்கம்தான் 13. அப்போ கோளாறு கீழ் கட்டத்தோட மேல் ஓரத்துல. அதுல சங்கிலியை எண்ணினா கண்ணுக்குத் தெரியறது 13, ஆனா வரப்பு 14 இருந்துச்சு. அதாவது ஒரு சங்கிலி இருக்கு, ஆனா ஒளிஞ்சிருக்கு, இன்னொண்ணு உருவாகவே இல்லை, ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

ஒளிஞ்சிருந்தது முதல் சங்கிலி, மூலையை ஒட்டினது. எடுக்க ஆரம்பிச்ச இடத்துல நூலை இறுக்கி இழுத்திருந்தாங்க, அதனால அது உள்ள மடங்கிப் போச்சு. ஊசி முனையால அந்த இடத்தை லேசா மேல நெம்பினதும் வெளிய வந்துச்சு. உருவாகாதது கடைசி சங்கிலி. அந்தக் கீழ் கட்டத்தை முடிக்கும்போது மூணு ஸ்டிட்ச் மிச்சம் இருந்தப்போ பின்பக்க வரிசையிலயே மூணையும் சேர்த்து பர்ல் போட்டு முடிச்சுட்டாங்க. அப்படி முடிச்சா 15வது முன்பக்க வரிசை வராது, ரெண்டு ஓரத்துலயும் 14, 14தான். மூணு இருக்கும்போது பின்பக்கம் ஒரு வரிசை முழுசா பின்னிட்டு, திருப்பி முன்பக்கத்துலதான் மூணை ஒண்ணாக்கி முடிக்கணும்.

அந்தக் கீழ் கட்டத்தைப் பிரிச்சுத் திரும்பப் பின்னலாம்தான், ஆனா அதோட இடது ஓரத்துலேருந்து பக்கத்துக் கட்டம் ஏற்கனவே எடுத்தாச்சு, பிரிச்சா ரெண்டும் போகும். அதனால ஒளிஞ்சிருந்ததை எடுத்துக்கிட்டு, இல்லாத ஒண்ணுக்கு ஓரத்தோட நடு வாக்குல, ரெண்டு சங்கிலிக்கு நடுவுல இருக்கற நூலைத் தூக்கி ஒரு முறுக்கு கொடுத்து ஸ்டிட்ச் ஆக்கினோம். முறுக்கலைன்னா அங்க ஓட்டை விழும். மூலைக்குப் பக்கத்துல இந்த வேலையைப் பண்ணாதீங்க, மூலையில ஏற்கனவே கூட்டம் அதிகம், நடுவுல பண்ணா கண்டுபிடிக்கவே முடியாது. 31 வந்துச்சு, கட்டம் நேராப் போச்சு.

ஒரு பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டு குறைஞ்சா இப்படிச் சேர்த்துக்கலாம். மூணு, நாலு குறைஞ்சா அந்தக் கட்டம் சைஸே சின்னது, சேர்த்தாலும் அலை அலையா நிக்கும், அதைப் பிரிக்கறதைத் தவிர வழியில்லை.

அதிகமா, 33 வந்தா காஸ்ட் ஆன் முடிச்சையும் கடைசி லூப்பையும் ஓரத்தோட சேர்த்து எண்ணியிருப்பீங்க. முடிச்சுல எடுத்ததை விட்ருங்க.

## நாலு கட்டம் சேர்ற மூலையில ஓட்டை

சுண்டுவிரல் நுனியை வெச்சுப் பாருங்க, போர்வையை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பாருங்க. எல்லா மூலையிலயும் ஓட்டைன்னா பழக்கத்துல ஏதோ இருக்கு, ஒரே ஒரு மூலையிலன்னா அந்த ஒரு இடம்தான்.

மூலை ஸ்டிட்ச் எங்கேருந்து எடுத்தீங்க. ரொம்ப பேர் 15 எடுத்து, 16வதை ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல தொங்கற ஏதோ ஒரு தளர்வான நூல்லேருந்து தூக்கிடுவாங்க. அது இழுபட்டு ஓட்டையாயிடும். மூலை ஸ்டிட்ச் வர வேண்டிய இடம், வலதுபக்கம் கீழ குறுக்கால இருக்கற கட்டத்தோட கடைசி லூப். அதனால நான் எந்தக் கட்டத்தையும் முடிக்கும்போது நூலை லூப்புக்குள்ள விட்டு இழுத்து மூடறதில்லை, அந்த லூப்பை ஒரு சேஃப்டி பின்ல மாட்டி விட்ருவேன், மேல் வரிசையில அந்த மூலை வரும்போது பின்னைக் கழட்டிட்டு அதையே நிட் பண்ணிட்டு, அந்தக் கட்டத்தோட நூல் முனையைப் பின்னாடியிலேருந்து ஒரு இழுப்பு இழுத்தா லூப் இறுகி உட்கார்ந்துரும். மூடியாச்சுன்னா மூடின முடிச்சோட ரெண்டு இழையையும் சேர்த்துக் குத்தி எடுங்க, ஒரு இழை மட்டும் எடுக்காதீங்க. இடதுபக்கம் கடைசிக் கட்டங்களுக்கும் மேல் வரிசைக்கும் இந்த லூப் தேவைப்படாது, அங்க மூடிடலாம்.

முதல் சங்கிலி விட்டுப்போச்சா. மேல சொன்ன அக்கா கேஸ்தான், மூலையை ஒட்டின சங்கிலி ஒளிஞ்சிருந்தா கணக்கும் குறையும் ஓட்டையும் விழும், ரெண்டும் சேர்ந்து வந்தா இதுதான் காரணம்.

காஸ்ட் ஆன் பக்கத்துல மட்டும் ஓட்டைன்னா, அதாவது போர்வையோட விளிம்புக் கட்டங்கள்ல, விரல்ல நூலைச் சுத்தி சும்மா லூப் போட்டு காஸ்ட் ஆன் பண்ணியிருப்பீங்க. அது மூலையிலேருந்து விலகிப் போகும். கடைசி ஸ்டிட்சுக்குள்ள ஊசி விட்டு நிட் மாதிரி லூப் எடுத்து ஊசியில மாட்டற காஸ்ட் ஆன் போடுங்க, நெருக்கமா நிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் லேசா இடைவெளி தெரிஞ்சா, எடுத்த பிறகு வர்ற முதல் பின்பக்க வரிசையில மூலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்டிட்சுல ஊசியைப் பின்னாடி இழையில விட்டு நிட் பண்ணுங்க, முறுக்கு விழுந்து மூடும். காட்டன் நூலுக்கு இது கண்டிப்பா வேணும். நம்ம ஊரு வெயிலுக்கு காட்டன் போர்வை நல்லதுதான், ஆனா காட்டன் அக்ரிலிக் மாதிரி சுருங்கி வந்து ஓட்டையை மூடாது, விட்ட இடைவெளி விட்டதுதான்.

போர்வை முடிஞ்சே போச்சுன்னா பிரிக்க வேண்டாம். கட்டம் முடிச்ச நூல் முனையும், பக்கத்துக் கட்டத்துக்கு எடுக்க ஆரம்பிச்ச நூல் முனையும் அதே மூலையில்தான் வந்து நிக்கும், அதனால மேல் வரிசை முடியற வரைக்கும் அந்த முனைகளை உள்ள சொருகிடாதீங்க, ஒரு சாண் விட்டு வையுங்க. மொண்ணை முனை ஊசியில அதைக் கோர்த்து, பின்பக்கத்துல நாலு கட்டத்தோட மூலை லூப்பையும் வட்டமா ஒரு சுத்து எடுத்து மெதுவா இழுங்க. ஓட்டை மூடின இடத்துல நிறுத்தணும், அதுக்கு மேல இழுத்தா நாலு கட்டமும் நடுவுல கூடாரமா கிளம்பும், அப்புறம் அது படியவே படியாது.

## சேர்ற கோடு நெடுக சின்னச் சின்ன ஓட்டை

சங்கிலியோட ஒரு இழையில மட்டும் எடுத்திருக்கீங்க. சங்கிலின்னா ரெண்டு இழை, ரெண்டுக்கும் அடியில ஊசி விட்டு எடுங்க. பின்பக்கத்துல லேசா ஒரு மேடு வரும், அது பரவாயில்லை, துவைச்சுத் துவைச்சுப் பயன்படுத்தற போர்வைக்கு அந்தப் பிடிப்பு வேணும். கை தளர்வா இருக்கறவங்க எடுக்கறதுக்கு மட்டும் இன்னும் மெல்லிசான 10 நம்பர் ஊசி வெச்சுக்கிட்டு, அடுத்த வரிசையிலேருந்து 8க்கு மாறுங்க.

மத்ததெல்லாம் நல்லா இருந்து ஒரு சேர்ப்புல மட்டும் பழைய கலர் புள்ளி புள்ளியா முன்பக்கம் தெரியுதுன்னா, அந்த ஓரத்தைப் பின்பக்கம் பார்த்து எடுத்துட்டீங்க. பிரிச்சு முன்பக்கம் பார்த்து எடுக்கறதுதான் வழி.

## குறுக்குக் கோடு நேரா போகலை

பின் மாட்டின நடு ஸ்டிட்சுக்கு ரெண்டு பக்கமும் எண்ணுங்க. முன்பக்க வரிசை முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், மொத்தம் எப்பவும் ஒற்றைப்படை. இரட்டைப்படை வந்தா ஸ்டிட்ச் ஒண்ணு விழுந்திருக்கு, இல்லைன்னா ரெண்டை மட்டும் சேர்த்திருக்கீங்க. ஒரு பக்கம் ஒண்ணு கூட, இன்னொரு பக்கம் ஒண்ணு கம்மின்னா, ஒரு ஸ்டிட்ச் முன்னாடியே குறைச்சுட்டீங்க, அந்த வரிசை வரைக்கும் பிரிங்க. ஆரம்பத்துலயே 15, 13னு எடுத்திருந்தா இங்க எதைப் பண்ணாலும் நேராகாது, முதல் தலைப்புக்குப் போங்க.

எண்ணிக்கை சரி, ஆனா கோடு ஒரு பக்கமா சாஞ்சு பின்னல் ஜடை மாதிரி தெரியுதுன்னா குறைக்கற முறையில இருக்கு. நடு ஸ்டிட்சுக்கு ஒண்ணு முன்னாடி நிறுத்தி, ரெண்டு ஸ்டிட்சை ஒண்ணா சேர்த்து நிட் போடற மாதிரி ஊசி விட்டு மாத்துங்க, அடுத்ததை நிட் பண்ணுங்க, மாத்தின ரெண்டையும் அதுமேல தூக்கிப் போடுங்க. ஒவ்வொண்ணா மாத்தினா சாயும். ஒண்ணை மாத்தி, அடுத்த ரெண்டைச் சேர்த்து நிட் பண்ணிட்டு தூக்கிப் போடறதும் சாயும்தான், எல்லாக் கட்டத்துலயும் அதே மாதிரி பண்ணா அதுவும் ஒரு டிசைன்தான், கலந்து பண்ணா மட்டும் அசிங்கமா தெரியும்.

## கட்டம் தட்டையா படியலை

கட்டத்தை குறுக்குக் கோட்டுக்கு எதிர்ப்பக்கமா மடிங்க, அதாவது எடுத்த ஓரம் ரெண்டும் சங்கிலி ஓரம் ரெண்டு மேலயும் வர்ற மாதிரி. நாலு பக்கமும் ஒத்துப்போனா கட்டம் சரி. பட்டம் மாதிரி ஒரு பக்கம் நீண்டு இருந்தா எது சின்னதுன்னு பாருங்க.

எடுத்த ஓரம் சின்னதா இருந்து கட்டம் கிண்ணமா குழியுதுன்னா ஸ்டிட்ச் குறைவா எடுத்தது, இல்லைன்னா இறுக்கி எடுத்தது. எண்ணிக்கை சரின்னா ஒரு சைஸ் பெரிய ஊசியால எடுத்துப் பாருங்க. எடுத்த ஓரம் பெருசா இருந்து அலை அடிச்சா சின்ன ஊசி. சங்கிலி ஓரம் சின்னதா இருந்தா, முதல் ஸ்டிட்சை மாத்தினதும் ரெண்டாவது ஸ்டிட்சை வெடுக்குன்னு இழுத்துப் பின்றீங்க, அங்க மட்டும் கையைத் தளர்த்துங்க.

கட்டம் தனித்தனியா சரி, ஆனா ஒரு வரிசை மட்டும் சின்னதா இருக்குன்னு சொல்றவங்ககிட்ட நான் எந்த மாசம் பின்னினீங்கன்னு கேப்பேன். கத்திரி வெயில்ல கை வியர்த்து அக்ரிலிக் ஊசியில ஒட்டி ஒட்டி வரும், தன்னால இறுகிடும். மார்கழியில அதே ஆளு அதே ஊசியில தளர்வா பின்னுவாங்க. பாதி வெயில்ல பாதி குளிர்ல பின்ற போர்வைன்னா முதல்ல பின்னின கட்டம் ஒண்ணை அளந்து குறிச்சு வெச்சுக்கிட்டு, திரும்ப எடுக்கும்போது ஒரு கட்டம் பின்னி அளவு பார்த்துட்டு தேவைன்னா ஊசி நம்பரை மாத்திக்கங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. படியலைன்னு அயர்ன் பாக்ஸ் வெச்சு அழுத்தாதீங்க. அக்ரிலிக் சூட்டுல தொஞ்சு வழவழன்னு தட்டையாயிடும், வரப்பெல்லாம் செத்துப் போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஈரத்துணியால ஒத்தி, சமமா விரிச்சு, பின் குத்திக் காய வையுங்க. அதுக்கும் படியலைன்னா கணக்கோ ஓரமோதான் தப்பு.

## நடுவுல ஒரு கட்டம் கிழிஞ்சுபோச்சு, நூல் அறுந்துபோச்சு

இங்கதான் நீங்களே கை வைக்காதீங்கன்னு சொல்வேன். தனித்தனியா பின்னித் தைச்ச போர்வைன்னா தையலைப் பிரிச்சு ஒரு கட்டத்தை மாத்திடலாம். இதுல அந்தக் கட்டத்தோட மேல் ஓரத்துலேருந்து ஒண்ணு, இடது ஓரத்துலேருந்து ஒண்ணு, கடைசி லூப்லேருந்து இன்னொண்ணு கிளம்பியிருக்கு. நடுக் கட்டத்தை உருவினா மூணோட ஆரம்ப ஸ்டிட்சும் பிடிமானம் இல்லாம தொங்கும்.

உடனே பண்ண வேண்டியது, அறுந்த இடத்தைச் சுத்தி தெரியற லூப் எல்லாத்தையும் சேஃப்டி பின்ல பிடிச்சு வைங்க, துவைக்காதீங்க. ஒரே ஒரு இழை அறுந்து ரெண்டு மூணு ஸ்டிட்ச்தான் போயிருக்குன்னா அதே கலர் நூலை மொண்ணை ஊசியில கோர்த்து, இருக்கற ஸ்டிட்ச் போன வழியே போய் மூடலாம், அது வீட்டுலயே ஆகும். விரல் ரெண்டு நுழையற அளவு கிழிஞ்சிருந்தா ரஃபூ வேலை பண்றவங்ககிட்டயோ, பின்னல்ல லூப்போட லூப்பை ஊசியால தையல் தெரியாம சேர்க்கத் தெரிஞ்சவங்ககிட்டயோ கொடுங்க. கொடுக்கும்போது இது தைச்சுச் சேர்த்தது இல்லை, ஓரத்துலேருந்து எடுத்துப் பின்னினதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, இல்லைன்னா சேர்ப்புக் கோட்டைத் தையல்னு நினைச்சு வெட்டிடுவாங்க. மிச்சமிருக்கற அதே நூலையும் கூடவே கொடுங்க, கடையில அடுத்த தடவை அதே கலர் நம்பர் சொல்லி வாங்கினாலும் வேற டை லாட்ல ஷேடு மாறி வரும்.